ஆறாவது பத்தி

செய்யூர் தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பட்டா மாற்ற மனு, வாரிசுச் சான்று, சாதிச் சான்று என்று ஊரில் பாதிப் பேரின் வீட்டு விவகாரம் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. எந்த அண்ணன் எந்தத் தங்கையை விட்டுவிட்டு வாரிசு எழுதப் பார்த்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டேன். இத்தனை பேர் காகிதத்தையும் வரி விடாமல் படிக்கிற நான், என் பெயருக்கு வந்த காகிதத்தை மட்டும் படிக்காமல் விட்டேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

அந்தக் காகிதத்தை அனுப்பியவன் என் அண்ணன். சொந்த அண்ணன், ஒரே அண்ணன், எதிர்வீட்டுக்காரன்.

எங்கள் அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். கல் அறுத்து, செங்கல் சூளையில் வெந்து, கடைசியில் ரோட்டோரம் ஒண்ணேகால் ஏக்கர் மணல் தரை வாங்கினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் பெயரில் எழுதப்பட்ட நிலம் அது. உயில் எழுதாமல் இறந்துபோனார். அண்ணனுக்குப் பாதி, தங்கை எனக்குப் பாதி என்று ஊருக்கே தெரியும், பிரிக்கத்தான் இல்லை. அண்ணன் கோவளத்தில் ஒரு ஓட்டலில் தோட்ட வேலை பார்த்து, மாதம் ஒரு முறை வந்துபோவான். நான் இங்கேயே இருந்தேன். அதனால் நான்காண்டுக்கு முன் சவுக்குக் கன்று வாங்கி நான் நட்டேன், நான் தண்ணீர் விட்டேன். எங்கள் பக்கத்தில் சவுக்குக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நிலம் யாருடையதாக இருந்தாலும், நட்ட கைதான் வெட்டும். அதற்குமுன் ஒருமுறை அண்ணன் நட்டு அண்ணன் வெட்டினான். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் வேலையை விட்டு ஊரோடு வந்தான். வந்ததும் ரோட்டுப் பக்கத்துப் பாதி தனக்கு வேண்டும் என்றான். முடியாது என்றேன். என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசாமல் மதுராந்தகம் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு போட்டுவிட்டான். கோர்ட் ஆள் கொண்டுவந்து கொடுத்த சம்மனையும் வழக்கு நகலையும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் 'வாதி' என்று அவன் பெயரையும் 'பிரதிவாதி' என்று என் பெயரையும் பார்த்ததும் உச்சந்தலை சூடேறியது. மேலே படிக்கவில்லை. கடையில் ஒரு பக்கம் மட்டும் அச்சான வீண் காகிதங்களை மெஷினுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பேன், மை சரியாக விழுகிறதா என்று அதன் பின்பக்கத்தில் சோதனை அடிப்பது வழக்கம். அந்த வழக்கு நகலை அதில் விட்டெறிந்தேன்.

அந்தக் கோபத்திலேயே ஆள் வைத்துச் சவுக்கையும் வெட்டினேன். மரம் வளர்ந்துதான் இருந்தது, வெட்டும் பருவம்தான். ஆனால் பொய் சொல்ல விரும்பவில்லை: இன்னும் ஆறு மாதம் விட்டிருக்கலாம். அண்ணன் ஓடிவந்து கத்தினான். நானும் கத்தினேன். என் மகள் நடுவில் நின்று செல்போனில் படம் பிடித்தாள், நாளை யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்று.

அண்ணன் நேராக ஸ்டேஷனுக்குப் போனான். "இது சிவில் மேட்டருப்பா, கோர்ட்ல பாத்துக்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். விடாமல் செங்கல்பட்டுக்குப் போய் மேலதிகாரியிடம் மனு கொடுத்தான். பத்து நாளில் எஃப்.ஐ.ஆர். அத்துமீறி நுழைந்தது, மரம் திருடியது, ஆபாசமாகத் திட்டியது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது. முதல் எதிரி நான். இரண்டாம் எதிரி என் மகள்.

என் மகளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவன் அவன். தாய்மாமன். அந்தக் காகிதத்தில் அவள் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது.

ஏனென்றால் அவள் அப்போது போலீஸ் வேலைக்குக் காத்திருந்தாள். எழுத்துத் தேர்வு முடிந்தது, ஓட்டம் முடிந்தது, நீளம் தாண்டுவது முடிந்தது. விடியற்காலையில் கடற்கரை மணலில் இரண்டு வருஷம் ஓடிப் பழகிய பெண். மீதி இருந்தது ஒன்றே ஒன்று. அவள்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று போலீஸ் வந்து விசாரிப்பது.

*

செங்கல்பட்டில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். அவர் அம்மா இன்றும் மீன் ஏலம் எடுக்கிறவர். வக்கீலம்மாவும் ஏலக் குரலில்தான் பேசுவார். கைது செய்யப்போவதில்லை, ஆஜராகி விளக்கம் கொடு என்று ஸ்டேஷனிலிருந்து வந்த நோட்டீசை முதலில் படித்தார். பிறகு எஃப்.ஐ.ஆரை.

"கேசு நடக்கட்டும், நாங்க பொய்யின்னு காட்டிடறோம்" என்றேன் நான்.

"எப்போ காட்டுவ? நாலு வருசம் கழிச்சா?" என்றார். "போலீஸ் வேலையில சந்தேகத்தின் பலன்ல விடுதலையானாக்கூட கேசுல இருந்தவதான்னு தள்ளிடுவாங்க. இந்தப் பொண்ணுக்கு விடுதலை பத்தாது. கேசே இல்லாம போவணும். ஐகோர்ட்டுக்குப் போய் எஃப்.ஐ.ஆரை ரத்து பண்ணுங்கன்னு கேக்கணும்."

"அங்க போய் அவன் சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்லிடலாமா?"

"சொல்லவே கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் விளக்கினார். யார் சொல்வது மெய், யார் சொல்வது பொய் என்று ஐகோர்ட் இந்த இடத்தில் தராசு பிடிக்காதாம். அதற்கு சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் வேண்டும், அது கீழ்க்கோர்ட் வேலை. "உங்க அண்ணன் புகார்ல எழுதினது ஒவ்வொரு எழுத்தும் உண்மைன்னு வெச்சுக்கணும். வெச்சும், இது குத்தமே இல்ல, சொத்துத் தகராறுதான்னு காட்டணும். அவ்ளோதான் நமக்குக் கிடைக்கிற வழி."

"அப்ப அவன் பொய் சொல்றான்னு நான் எங்கதான் சொல்றது?"

"பஸ்ல போறப்ப சொல்லிகினு போ" என்றார். என் மகள் சிரித்துவிட்டாள். எஃப்.ஐ.ஆர் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு வக்கீலம்மா கேட்டார்: "சிவில் கேசு எதாவது நிலுவையில கீதா?"

"மதுராந்தகத்துல இன்னாமோ பாகப்பிரிவினை போட்டான்."

"புகாருக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அந்த நகல் எங்க?"

மெஷினுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் என்று சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கே கடையைத் திறந்து பெட்டியைக் கவிழ்த்தோம், நானும் மகளும். முதல் பக்கம் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தின் பின்புறம் யாருடைய ரேஷன் கார்டோ இருந்தது. மூன்றாம் பக்கம் போயே போய்விட்டது. நான்காம் பக்கத்தின் பின்னால் ஒரு கல்யாணப் பத்திரிகையின் சோதனை அச்சு. மணமகன், மணமகள் பெயரைத் திருப்பிப் போட்டால் என் அண்ணன் எழுதிய ஆறாவது பத்தி.

வாசலில் நின்றபடியே படித்தேன். 'வாதியும் பிரதிவாதியும் மேற்படி சொத்தினை இன்றுவரை கூட்டாகச் சுவாதீனத்தில் வைத்து அனுபவித்து வருகிறார்கள்.'

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போனபோது வக்கீலம்மா கல்யாணப் பத்திரிகைப் பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தார். திருப்பிப் படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்க அண்ணன் கஞ்சனா?" என்று கேட்டார்.

"எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டான்."

"அதான் நல்லதாப் போச்சு."

பாகப்பிரிவினை வழக்கில் சொத்து இருவர் அனுபவத்திலும் இருக்கிறது என்று எழுதினால் கோர்ட் கட்டணம் சொற்பம். என்னை உள்ளேயே விடவில்லை, எதிரிதான் வைத்திருக்கிறாள் என்று எழுதினால் அவன் பங்கின் மதிப்புக்கு ஏற்றபடி கட்டணம் கட்டவேண்டும். ஆகவே பெரும்பாலும் எல்லாரும் 'கூட்டாக அனுபவித்து வருகிறோம்' என்றுதான் எழுதுவார்கள். நானே எத்தனை பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! கட்டணத்தை மிச்சம் பிடித்த அதே அண்ணன், புகாரில் 'என் சுவாதீனத்தில் இருந்த தோப்பில் அத்துமீறி நுழைந்து என் மரங்களைத் திருடினாள்' என்று எழுதியிருந்தான். தன் அனுபவத்திலும் இருக்கிற நிலத்துக்குள் ஒருத்தி எப்படி அத்துமீறி நுழைவாள்? இருவர் கையிலும் இருக்கிறதை, நட்டவள் என்ற உரிமையில் பட்டப்பகலில் ஆள் வைத்து வெட்டினால் திருட்டு எப்படி ஆகும்? வெட்டியதில் அவனுக்கும் பங்கு உண்டா இல்லையா என்பது கேள்விதான். ஆனால் அது மதுராந்தகம் சொல்லவேண்டிய பதில், போலீஸ் சொல்லவேண்டியது இல்லை.

மதுராந்தகத்தில் மனுப் போட்டு அந்த வழக்குரையின் சான்றிட்ட நகல் வாங்கினோம். கல்யாணப் பத்திரிகையோடு ஐகோர்ட்டுக்குப் போகமுடியாது அல்லவா.

*

ஐகோர்ட்டில் எங்கள் மனு முதல் விசாரணைக்கு வந்தபோது, நான் வரத் தேவையில்லை என்றார் வக்கீலம்மா. யார் கேட்டார்கள்? முதல் பஸ் பிடித்து, செங்கல்பட்டில் ரயில் மாறி, மகளோடு போய்விட்டேன். வாசலில் ஆதார் காட்டி, பையைச் சோதனை போட்டு, சிவப்புக் கட்டடத்துக்குள் நுழைந்தால் எங்கே பார்த்தாலும் கருப்புக் கோட்டு. கோர்ட் அறையில் கடைசிச் சுவரோரம் நின்றோம். வரிசை எண் ஓடுகிற பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் எண் வந்தது. நான்கே நிமிஷம்.

நீதிபதி, "விசாரணை ஆரம்பக் கட்டத்தில்தானே இருக்கிறது? போலீஸ் முடிக்கட்டுமே" என்றார். என் மகள் என் கையைப் பிடித்தாள். அப்படிச் சொல்லி மனுவை முடித்துவிடுவதும் உண்டு என்று வக்கீலம்மா முன்பே எச்சரித்திருந்தார். அவர் ஏலக் குரலை விட்டுவிட்டு, மெதுவாக, "புகார்தாரரே போட்ட சிவில் வழக்கு இணைப்பில் இருக்கிறது, ஆறாவது பத்தி ஒன்றை மட்டும் பார்க்கவேண்டும்" என்றார். நீதிபதி பக்கம் புரட்டினார். போலீசுக்காக அரசு வக்கீல் நோட்டீஸ் வாங்கிக்கொண்டார். அண்ணனுக்கு நோட்டீஸ், அடுத்த விசாரணைவரை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக்கூடாது. அவ்வளவுதான். வெளியே வந்து கேன்டீனில் ஆளுக்கொரு காபி குடித்தோம். அவ்வளவு நல்ல காபி இல்லை, ஆனால் தொண்டையில் இறங்கியது.

*

நோட்டீஸ் அண்ணன் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் அவனே கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்காரவில்லை. அவன் வக்கீல் கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினான்.

"இத்த டைப் பண்ணு."

"வேற கடை இல்லியா?"

"இந்த ரோட்டுல வேற கடை எங்க கீது?"

அது சமரசப் பத்திரம். ரோட்டுப் பக்கத்துப் பாதியை நான் விட்டுக்கொடுக்கிறேன். மரம் வெட்டியது தவறு, வருந்துகிறேன், மன்னிப்புக் கேட்கிறேன். அதன்பேரில் வழக்கை ரத்து செய்ய அவனுக்கு ஆட்சேபணை இல்லை. இருவரும் ஐகோர்ட்டில் நேரில் நின்று சொல்வோம்.

"ஒரே நாள்ல முடிஞ்சிடும், எம்மா" என்றான். குரலில் பழைய அண்ணன் கொஞ்சம் இருந்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சொல்கிறேன், நான் டைப் செய்ய ஆரம்பித்துவிட்டேன். ரோட்டோர நிலம் என் அப்பாவின் முதுகு. ஆனாலும் மகள் கடற்கரையில் ஓடி ஓடி வீங்கிய காலுக்கு நானே எண்ணெய் தேய்த்திருக்கிறேன். மண்ணா மகளா என்றால் எந்தத் தாய் யோசிப்பாள்? அழுதுகொண்டேதான் தட்டினேன். இரண்டாவது பத்தியில் 'தவறு' என்ற சொல்லை அடிக்கும்போது மகள் உள்ளே வந்தாள். எனக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தாள்.

"மாமா, இதுல எங்கம்மா தப்புப் பண்ணாங்க, மன்னிப்பு கேட்டாங்கன்னு கீதே. நாளைக்கு என் ஃபைல எடுத்துப் பாக்குற ஆபீசர் இன்னா நினைப்பாரு? பண்ணிட்டு ராஜி ஆயிட்டாங்கன்னுதானே?"

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நிலத்தைக் குடுத்து வாங்கினா அது வேலையா? வேணாம்மா. அழிச்சிடு."

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். "ராஜியில ரத்தானா கேசு போவும், கேள்வி நிக்கும். சட்டப்படி குத்தமே இல்லன்னு ரத்தானா கேள்வியே கிடையாது. பொண்ணு உன்னைவிட கெட்டிக்காரி" என்றார். நான் அழித்தேன். அண்ணன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனான். அன்று இரண்டு கல்யாணப் பத்திரிகையில் தேதியைத் தப்பாக அடித்துவிட்டேன்.

*

இரண்டாம் விசாரணைக்கு அண்ணனும் வந்திருந்தான். அதே சுவரோரம், எனக்கு ஐந்தாறு ஆள் தள்ளி நின்றான்.

அவன் வக்கீல் திறமைசாலி. சிவில் வழக்கு இருக்கிறது என்பதாலேயே கிரிமினல் வழக்கு கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, ஒரே சம்பவத்துக்கு இரண்டும் நடக்கலாம் என்றார். நீதிபதி தலையசைத்தார். "உண்மைதான். ஆனால் புகாரை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அதில் குற்றம் இருக்கவேண்டுமே" என்றார். பிறகு தமிழிலேயே கேட்டார்: "வழக்கு போட்டபோது தோப்பு யார் அனுபவத்தில் இருந்தது?"

வக்கீல் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"கூட்டு அனுபவம், மிலார்ட்."

"புகாரில்?"

வக்கீல் கையிலிருந்த கட்டை மூடி வைத்தார். அதன்பின் நீதிபதி அரசு வக்கீலிடம் ஆபாசமாகத் திட்டியது என்ன சொல், பொது இடமா, மிரட்டலால் பயந்துபோனதாக எங்கே இருக்கிறது என்று கேட்டார். தோப்பு பொது இடம் இல்லை. திட்டிய சொல் புகாரில் இல்லை. பயந்தவன் பத்து நாள் அலைந்து மனு கொடுக்கமாட்டான். இரண்டாம் எதிரி என்ன செய்தாள் என்று கேட்டதற்கு, "வீடியோ எடுத்தார்" என்றார் அரசு வக்கீல். கோர்ட்டில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

நீதிபதி அங்கேயே உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். இங்கிலீஷ். பாதி புரிந்தது. 'சிவில் தகராறுக்குக் கிரிமினல் சாயம் பூசப்பட்டிருக்கிறது', இரண்டு மனுதாரர்கள் மீதான எஃப்.ஐ.ஆர் ரத்து, பங்கு யாருக்கு எவ்வளவு என்பதை இந்த உத்தரவைப் பொருட்படுத்தாமல் சிவில் கோர்ட் முடிவு செய்யலாம். மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அவள் பிறந்தபோதுதான் வந்திருந்தது. இரண்டு முறையும் அழுதேன்.

உத்தரவு இணையத்தில் ஏறியதும் என் கடையிலேயே அச்சடித்தேன். நல்ல தாளில், இரண்டு பக்கமும் யாரும் தொடாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டேன். போலீஸ் வேலைக்கான விசாரணைப் படிவத்தில் 'வழக்கில் சம்பந்தப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு மகள் 'ஆம்' என்று எழுதி, உத்தரவின் நகலை இணைத்தாள். மறைத்தால்தான் வேலை போகும் என்று வக்கீலம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

*

விசாரணைக்கு வந்தவர் எங்கள் ஸ்டேஷன் எஸ்.ஐ. எஃப்.ஐ.ஆரில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அவருக்கும் கொஞ்சம் சங்கடம். வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். தெருவில் இரண்டு பேரிடம் பெண்ணின் நடத்தை பற்றிக் கேட்டு எழுதவேண்டும் என்றார். மளிகைக்கடைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு ஆள் வேண்டும் என்று எஸ்.ஐ. தெருவைப் பார்த்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றான்.

"நீங்கதானே சார் கம்ப்ளெயின்ட் குடுத்தது?"

"ஆமா. அதான் நான் சொன்னா சரியா இருக்கும். இந்தப் பொண்ணு மேல குத்தம் கண்டுபிடிக்க வக்கீல் வெச்சு ஐகோர்ட்வரைக்கும் போய்ப் பாத்தவன் நானு. ஒண்ணும் கிடைக்கல. நல்ல பொண்ணு."

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "உறவு முறை?"

"தாய்மாமன்."

"அப்ப உங்களை எழுத முடியாது சார், வேற ஆள் வேணும்" என்றார் எஸ்.ஐ. எழுதியதை அடித்தார். அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. தெருக்கோடிவரை அவனே நடந்துபோய், இன்னொரு ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான்.

இப்போது மகள் பயிற்சியில் இருக்கிறாள். மதுராந்தகம் வழக்கு அது பாட்டுக்கு நடக்கிறது. வாய்தா நாளில் அண்ணனும் நானும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். முதலில் ஏறுகிறவர் மற்றவருக்கு இடம் போட்டு வைக்கிறோம்.